பழைய பாடநூல் விளம்பரம் விலைபோகவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

வேலூர் பாகாயத்தில் ஜெராக்ஸும் பைண்டிங்கும் செய்யும் சிறு கடை என்னுடையது. செமஸ்டர் முடியும்போதெல்லாம் மாணவர்கள் புத்தகங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, ஆன்லைனில் விளம்பரம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒருவரும் கேட்கவில்லை, எடைக்குப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்பார்கள். அவர்களுடைய கைப்பேசியை வாங்கி விளம்பரத்தைத் திருத்தித் தருவது இப்போது கடையின் இன்னொரு வேலையாகவே ஆகிவிட்டது. திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகளைப் பார்த்ததால், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் முதலாண்டுக் கணிதப் புத்தகங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். என்னிடம் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

தொடங்குவதற்கு முன் விளம்பரத்தின் பார்வை எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறவே இல்லையென்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். பலர் பார்த்தும் ஒருவரும் எழுதவில்லையென்றால் இரண்டாவதற்கும், எழுதிவிட்டு மறைந்துபோனால் மூன்றாவதற்கும், நேரில் வந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் திரும்பினால் நான்காவதற்கும் போகலாம். ஐந்தாவதும் ஆறாவதும் அரிதாக வருபவை, ஆனால் வந்தால் உடனே கவனிக்க வேண்டியவை.

## அறிகுறி 1: பார்வை எண்ணிக்கை ஏறவே இல்லை

### விளம்பரம் எந்த ஊரில் நிற்கிறது?

இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போன மாணவர் குடியாத்தத்திலோ திருவண்ணாமலையிலோ வீட்டில் உட்கார்ந்து விளம்பரம் போடுகிறார். கைப்பேசி தானாகவே அந்த ஊரை இடமாக எடுத்துக்கொள்கிறது. புத்தகம் இருப்பதும் வாங்குபவர் இருப்பதும் வேலூரில், விளம்பரம் மட்டும் ஊரில். தேடுபவர் தமக்கு அருகில் உள்ளவற்றை மட்டும் காட்டும்படி வைத்திருந்தால் அது அவர் கண்ணில் படாது. திருத்தும் பக்கத்தைத் திறந்து, புத்தகத்தை எங்கே கைமாற்றப் போகிறீர்களோ அந்தப் பகுதியை இடமாகக் குறியுங்கள்.

அதே வேளையில், புத்தகத்தின் பிரிவும் "புத்தகங்கள்" என்பதில் இருக்கிறதா என்று பாருங்கள். "கல்விச் சேவைகள்" என்பதில் போட்டுவிட்டு, டியூஷன் விளம்பரங்களுக்கு நடுவே காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

### தலைப்பில் மாணவர் தட்டும் சொல் இருக்கிறதா?

இடமும் பிரிவும் சரியென்றால், அடுத்த சோதனையை உங்கள் கைப்பேசியில் செய்யாதீர்கள்; உங்கள் விளம்பரம் உங்களுக்கு எப்படியும் தெரியும். நண்பரின் கைப்பேசியை வாங்கி, அவரிடமே "இந்தப் புத்தகம் வேண்டுமென்றால் எதைத் தட்டுவாய்?" என்று கேட்டு, அவர் தட்டுவதைப் பாருங்கள். அட்டையில் உள்ள முழுத் தலைப்பை அவர் தட்டவே மாட்டார். பாடக் குறியீடு, அல்லது "M1 maths", அல்லது ஆசிரியரின் பெயரில் ஒரு சொல், இவற்றில் ஒன்றைத்தான் தட்டுவார். மருத்துவ மாணவர்களும் அப்படித்தான். உடற்கூறியல் புத்தகத்துக்கு அவர்கள் தட்டுவது `BDC vol 1` என்பதே, அட்டையிலுள்ள நீண்ட பெயரை அல்ல. அதில் தொகுதி எண்ணை விட்டால் விளம்பரம் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

எனவே அந்தச் சொற்களே தலைப்பில் இருக்க வேண்டும், அதுவும் முன்பாதியில் இருக்க வேண்டும். ஏனென்றால் கைப்பேசியில் விளம்பரங்கள் பட்டியலாக வரும்போது தலைப்பின் பின்பாதி பெரும்பாலும் வெட்டுப்படும். "நல்ல நிலையில்", "அவசர விற்பனை" என்ற சொற்களை எந்த மாணவரும் தேடுவதில்லை. அவை பிடித்துக்கொள்ளும் இடத்தில் பதிப்பு எண்ணை எழுதலாம்.

### குறியீட்டை எப்படிப் படிப்பது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017, 2021 ரெகுலேஷன்களின், அதாவது அந்தந்த ஆண்டுப் பாடத்திட்டங்களின், குறியீட்டில் இரண்டு எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் அது எந்த ரெகுலேஷன் என்பதைக் காட்டும். 6 என்றால் 2013, 8 என்றால் 2017, 3 என்றால் 2021. அதற்கடுத்த இலக்கம் பொதுவாகச் செமஸ்டர். அதாவது MA8151 என்பது 2017 ரெகுலேஷனின் முதல் செமஸ்டர் கணிதம். MA3151 என்பது 2021 ரெகுலேஷனின் முதல் செமஸ்டர் கணிதம். தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தமக்கெனத் தனிக் குறியீடு வைத்திருப்பதால், காட்பாடிப் பக்கம் விற்க நினைப்பவர்கள் அங்கே படிப்பவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. இணைப்புக் கல்லூரிக் குறியீட்டை அங்குள்ளவர் தேடமாட்டார்.

மாணவர் பேச்சில் MA8151, MA3151 இரண்டுமே "எம்-ஒன்"தான். ஆனால் உள்ளடக்கம் ஒன்றல்ல. MA3151 பாடத்திட்டம் அணிகளில், அதாவது மேட்ரிசஸில், தொடங்குகிறது. MA8151-இல் அணிகள் இல்லை, அதற்கு மாறாகக் கடைசி அலகாக வகைக்கெழுச் சமன்பாடுகள் இருந்தன. "எம்-டூ" இன்னும் மோசம். MA8251-இல் அணிகளும் வெக்டர் நுண்கணிதமும் லாப்லாஸ் உருமாற்றமும் இருந்தன. MA3251 முழுக்கவே புள்ளியியலும் எண்ணியல் முறைகளும். எனவே வெறும் "M2 book" என்று தலைப்பிட்டால், வருகிற பாதிப் பேர் தவறான ஆட்களாகவே இருப்பார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் புத்தகம் இரண்டு வகையாகப் பிரியும். பாடத்திட்டத்தின் அலகு வரிசைப்படியே எழுதப்பட்ட புத்தகம் ரெகுலேஷனோடு பிறந்து ரெகுலேஷனோடு வாழ்வது; அதன் தலைப்பில் குறியீடும் ரெகுலேஷனும் முதலில் வர வேண்டும். கிரேவாலின் பொறியியல் கணிதம் போன்ற பெருநூல் ரெகுலேஷன் மாறினாலும் பயன்படும். அதன் தலைப்பில் ஆசிரியர் பெயரும் பதிப்பு எண்ணும் முதலில் வர வேண்டும்.

### ஒரு விளம்பரத்தைத் திருத்திய விதம்

சென்ற ஆண்டு, படிப்பை முடித்த தங்கை ஒருத்தி மூன்று கணிதப் புத்தகங்களுக்குச் சேர்த்து ஒரே விளம்பரம் போட்டிருந்தாள். தலைப்பு இது:

```
Engineering books for sale good condition urgent
```

மூன்று வாரத்தில் 11 பேர் பார்த்திருந்தார்கள். புத்தகங்களை மேசையில் பரப்பிப் பார்த்தோம். ஒன்று 2017 ரெகுலேஷனுக்கென்று எழுதப்பட்ட எம்-ஒன். ஒன்று அதே ரெகுலேஷனின் எம்-டூ. மூன்றாவது கிரேவாலின் 43-ஆம் பதிப்பு. அவள் அண்ணன் படித்தவை என்பதால் எல்லாமே பழைய ரெகுலேஷன், ஆகவே ஒருவருக்கும் வேண்டாம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். 2017 ரெகுலேஷனில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் வேண்டும், புதியது வேண்டாம் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கு வகுப்பு கிடையாது, சீனியர் கிடையாது. தேடும்போது குறியீட்டை அப்படியே தட்டித்தான் தேடுகிறார்கள். விளம்பரத்தை மூன்றாக உடைத்தோம்:

```
MA8151 M1 Maths book R2017 arrear
MA8251 M2 Maths book R2017 arrear
Grewal Maths 43rd edition Higher Engineering Mathematics
```

கிரேவாலுக்கு மட்டும் விவரப்பகுதியில் சற்று நீளமாக எழுத வேண்டியிருந்தது. 2017 ரெகுலேஷனின் முதல் செமஸ்டர் பாடத்திட்டம் குறித்தது 43-ஆம் பதிப்பு; 2021 பாடத்திட்டம் குறிப்பது 44-ஆம் பதிப்பு. இதை மறைக்காமல், "MA3151 பாடத்திட்டத்தில் உள்ளது 44-ஆம் பதிப்பு, இது 43, அணிகள், நுண்கணித இயல்கள் இதிலும் உண்டு, உள்ளடக்கப் பக்கத்தின் படம் பார்க்கவும்" என்று எழுதினோம். எம்-ஒன் தலைப்பில் MA3151-ஐயும் சேர்த்தால் என்ன என்று அவள் கேட்டாள். சேர்த்தால் பார்வை ஏறும். ஆனால் வருகிறவர் அணிகள் இயலைத் தேடிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், கோளாறு முதல் அறிகுறியிலிருந்து நான்காவதற்கு இடம் மாறுமே தவிரத் தீராது.

எம்-டூ நான்காம் நாளே இராணிப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அரியர் மாணவருக்குப் போயிற்று. நான் அதைக் கடைசியாகப் போகும் என்று நினைத்திருந்தேன். கிரேவால் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் வரை காத்திருந்தது. எம்-ஒன் இன்னும் என் கடை அலமாரியில்தான் இருக்கிறது.

### எப்போது விட்டுவிடுவது?

இடம், பிரிவு, தலைப்பு மூன்றையும் திருத்தியும் ஏறவில்லையென்றால், விளம்பரத்தை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழைய விளம்பரம் பட்டியலின் அடியில் புதைந்திருக்கக்கூடும். வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரமும், தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமுமே இந்தப் புத்தகங்கள் நகரும் காலம். அந்த இரண்டு காலத்திலும் கேட்பாரில்லையென்றால் பழைய புத்தகக் கடைக்காரரிடம் காட்டி அவர் சொல்வதை வாங்கிக்கொள்ளலாம். அவர் கொடுப்பது குறைவாக இருந்தாலும் எடைக்குப் போடுவதைவிட மேலாகவே இருக்கும்.

## அறிகுறி 2: பார்க்கிறார்கள், ஆனால் ஒருவரும் எழுதவில்லை

### பதிப்பு படத்தில் தெரியவில்லை

முன்னட்டைப் படம் மட்டும் போட்டிருந்தால் முதல் ஐயம் பதிப்பைப் பற்றியதுதான். அட்டையைத் திருப்பி, தலைப்புப் பக்கத்தின் பின்புறமுள்ள பதிப்பு விவரப் பக்கத்தைப் படமெடுத்துச் சேருங்கள். அங்கே பதிப்பும் மறுஅச்சும் தனித்தனியே இருக்கும். மறுஅச்சு ஆண்டைப் பார்த்துவிட்டு அதையே பதிப்பின் ஆண்டாக எழுதுவது நான் அதிகம் காணும் பிழை. 2014-இல் வந்த ஒரு பதிப்பு 2017-இல் மறுஅச்சானால், அது 2014-இன் பதிப்புதான். பக்க எண்ணும் கணக்கு எண்ணும் மாறியிருக்காது.

ஐயமிருந்தால் பின்னட்டையின் பட்டைக் குறியீட்டுக்கு மேலுள்ள ஐ.எஸ்.பி.என் எண்ணைத் தேடுபொறியில் தட்டுங்கள். புதிய பதிப்புக்குப் புதிய எண் தரப்படும். வெறும் மறுஅச்சு பழைய எண்ணிலேயே வரும். 978-இல் தொடங்கும் 13 இலக்கங்கள் இல்லாமல் 10 இலக்க எண் மட்டும் இருந்தால், அந்தப் பதிப்பு 2007-க்கு முந்தையது என்று கொள்ளலாம், அந்த ஆண்டு முதல்தான் 13 இலக்க முறை நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட புத்தகத்துக்குப் பாடநூல் விலை எதிர்பார்க்காதீர்கள்.

### விலை

புதுப் புத்தகம் இன்று இணையத்தில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். அட்டையில் அச்சிட்ட விலையைப் பார்க்காதீர்கள், தள்ளுபடிக்குப் பின்பு அந்த விலைக்கு ஒருவரும் வாங்குவதில்லை. பாடத்திட்டம் குறிக்கும் பதிப்பே என்றால் இன்றைய விலையில் பாதி, அதற்கு முந்தைய பதிப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு என்பது நான் சொல்லும் கணக்கு. ஐந்து புத்தகத்தைச் சேர்த்து ஒரே விலை போடுவதையும் தவிருங்கள். ஒன்று மட்டும் வேண்டியவர் கேட்கவே தயங்குவார்.

## அறிகுறி 3: "இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறார்கள்

இதற்குப் பெரும்பாலும் காரணம் தாமதமான, மொட்டையான பதில். "இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அடுத்த கேள்வியை அவர் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குள் அவர் வேறொருவரிடம் பேசத் தொடங்கியிருப்பார். முதல் பதிலிலேயே பதிப்பு, விலை, எந்த நேரத்தில் எங்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். "இருக்கிறது, 43-ஆம் பதிப்பு, 250 ரூபாய், மாலை ஐந்துக்கு மேல் பாகாயம் பேருந்து நிறுத்தம்" என்பது போல ஒரு வரி போதும்.

"கடைசி விலை என்ன?" என்ற கேள்விக்குப் புத்தகத்தைப் பார்க்காதவரிடம் விலையைக் குறைக்காதீர்கள். நேரில் புரட்டிப் பார்த்தபின் குறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், உண்மையில் வாங்க வந்தவர் வருவார்.

## அறிகுறி 4: நேரில் வந்து புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்

விளம்பரம் வேலை செய்துவிட்டது. புத்தகத்தின் நிலையைச் சொன்ன விதத்தில்தான் தவறு. "நல்ல நிலை" என்பதற்கு விற்பவர் மனத்தில் ஒரு பொருள், வாங்குபவர் மனத்தில் வேறொரு பொருள். ஆகவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

### எழுத்தும் கோடும்

பென்சில் கோடு ஒரு குறையே அல்ல, அழித்துவிடலாம். பேனாவால் கணக்கின் விடையைப் பக்கத்திலேயே எழுதியிருப்பதுதான் கணிதப் புத்தகத்துக்குப் பெருங்குறை, ஏனென்றால் வாங்குபவர் அந்தக் கணக்கைத் தாமாகப் போட்டுப் பார்க்க முடியாது. எத்தனை பக்கம் என்று எண்ணி எழுதுங்கள். மருத்துவப் புத்தகத்தில் ஹைலைட்டர் கோட்டைச் சிலர் விரும்பியே வாங்குகிறார்கள், சீனியர் எதை முக்கியமென்று நினைத்தார் என்பது தெரிகிறதாம்.

### பைண்டிங்

வேலூர் வெயில் பசை பைண்டிங்கைத் தின்றுவிடும். மாடி அறையில் ஒரு கோடை முழுக்க அடுக்கிவைத்த புத்தகம் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும்; நடுவில் விரித்ததும் முதுகுப் பக்கம் "கிரிச்" என்று பிளந்து பக்கம் கையோடு வரும். விளம்பரம் போடுவதற்கு முன் நீங்களே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். புத்தகத்தின் நடுப்பக்கத்தை மேசையில் மெதுவாக விரித்து, மடிப்பின் அடியில் காய்ந்த பசை தெரிகிறதா என்று பாருங்கள். பக்கங்களைச் சீட்டுக்கட்டு போல ஓட்டி, ஏதாவது ஒரு தாள் மற்றவற்றைவிட வெளியே நீண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் அது பிய்ந்துவிட்டது. கடைசியாகப் பக்க எண்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின்னிணைப்பின் அட்டவணைகளை. ஜெராக்ஸ் எடுக்க யாரோ கிழித்துக்கொண்டு போவது அந்தப் பக்கங்களைத்தான்.

இரண்டு மூன்று தாள் மட்டும் கழன்றிருந்தால் வீட்டிலேயே, தாளின் உள்விளிம்பில் வெள்ளைப் பசையை மெல்லிய கோடாகத் தடவி, இடம் பார்த்துச் செருகி, மேலே கனமான புத்தகத்தை வைத்து ஓர் இரவு விட்டால் நிற்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள்; மஞ்சளாகி, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். முதுகே இரண்டாகப் பிளந்துவிட்டால் அது பைண்டரின் வேலை. பைண்டிங் கூலி நீங்கள் எதிர்பார்க்கும் விலையில் கால் பங்கைத் தாண்டுமானால் பைண்டிங் செய்யாதீர்கள். பிளந்த முதுகைப் படமெடுத்துப் போட்டு விலையைக் குறைத்துவிடுங்கள். என் தொழிலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று கடைப்பையன் சிரிப்பான், ஆனால் கணக்கு அதுதான்.

### ஈரமும் பூச்சியும்

இராமபாணப் பூச்சி அட்டையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்பதால், அட்டையில் ஒழுங்கற்ற வெளிறிய திட்டுகள் தெரியும். அது தோற்றக் குறை மட்டுமே. மழைநீர் பட்டு ஒட்டிக்கொண்ட பளபளப்புத் தாள்கள் வேறு கதை, அவற்றைப் பிரித்தால் அச்சு உரிந்து வரும், பைண்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பூஞ்சை வாடை அடிக்கும் புத்தகத்தை இரண்டு நாள் நிழலில் விரித்து உலர்த்திப் பாருங்கள். வாடை போகவில்லையென்றால் விற்க வேண்டாம்.

படங்களைக் காலை வெளிச்சத்தில், ஜன்னலருகே, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். அட்டை, பதிப்பு விவரம், உள்ளடக்கம், முதுகு, உள்ளதில் மோசமான பக்கம் ஆகிய ஐந்தும் போதும். மோசமான பக்கத்தைக் காட்டத் தயங்குகிறவர்கள்தான் மூன்று முறை பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

## அறிகுறி 5: தளம் விளம்பரத்தை நீக்கிவிட்டது

முதலில் பார்க்க வேண்டியது, புத்தகம் அச்சுப் பிரதியா அல்லது ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் செய்ததா என்பது. ஜெராக்ஸ் பிரதியை விற்பது பதிப்புரிமை மீறல். விளம்பரம் திரும்ப வராது, மறுபடி போடவும் கூடாது. அரசின் விலையில்லாப் பாடநூல் திட்டத்தில் வந்த பள்ளிப் புத்தகங்களையும், நூலக முத்திரை உள்ளவற்றையும் விற்பனைக்குப் போடாதீர்கள். முத்திரைப் புத்தகம் எப்படியோ உங்கள் புத்தகக் கட்டுக்குள் வந்துவிட்டால் அந்த நூலகத்திலேயே கொடுத்துவிடுவதுதான் வழி. இவை எதுவும் இல்லையென்றால், விவரத்தில் தொலைபேசி எண் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல தளங்கள் அதற்காகவே நீக்குகின்றன.

## அறிகுறி 6: பார்க்காமலே முழுப்பணம் அனுப்புகிறேன் என்கிறார்

250 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஒருவர் பதிப்பைக்கூடக் கேட்காமல், "கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்" என்றால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண்ணைத் தட்டினால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

தட்டிவிட்டீர்கள் என்றால் அது நீங்களாகச் சரிசெய்யும் கோளாறு அல்ல. உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதியுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் பதியுங்கள். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள். பேச்சு நடந்த சாட் பக்கத்தை அழிக்காதீர்கள். அவர் அனுப்பிய கியூஆர் படம் அதில்தான் இருக்கும்; பரிவர்த்தனை எண்ணும் நேரமும் உங்கள் யுபிஐ செயலியில் இருக்கும்.